பெட்டியில் ஒரு எண், போனில் வேறு எண்

ஆன்லைனில் வாங்கிய போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் மூன்று இடங்களில் இருக்கும்: பில்லில், பெட்டியின் ஸ்டிக்கரில், போனுக்குள்ளேயே. இந்த மூன்றில் எது தனித்து நிற்கிறது என்று பார்த்தாலே என்ன நடந்திருக்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பெட்டியும் போனும் ஒத்துப்போய், பில் மட்டும் மாறியிருந்தால் குடோனில் பெட்டி மாறியிருக்கலாம்; போன் புதிதாகவே இருக்க வாய்ப்புண்டு. பில்லும் பெட்டியும் ஒத்துப்போய், போன் மட்டும் வேறு எண் காட்டினால் பெட்டியைத் திறந்து யாரோ போனை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

என் தங்கைக்கு வந்த ஐபோன் 15 இந்த இரண்டாவது வகை. இந்தப் பெட்டிக்கு பிளாஸ்டிக் உறை கிடையாது, பின்பக்கம் இழுத்துக் கிழிக்கும் காகிதப் பட்டைகள்தான். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் பசை பிசுபிசுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது சார்ஜிங் துளைக்குள் பஞ்சுபோல் தூசி அடைந்திருந்தது. பாக்கெட்டில் புழங்கிய போனில் சேரும் தூசி அது.

எண்ணைப் பார்க்க சிம் போட வேண்டாம், கணக்கில் நுழையவும் வேண்டாம். ஐபோனின் முதல் வரவேற்புத் திரையிலேயே மூலையில் இருக்கும் 'i' பொத்தானைத் தொட்டால் ஐ.எம்.இ.ஐ. வந்துவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அவசர அழைப்புத் திரையில் *#06# அடித்தாலே போதும். இரட்டை சிம் போனுக்கு இரண்டு எண்கள் உண்டு. பில்லில் ஒன்றுதான் இருக்கும். இரண்டில் எதோடாவது அது பொருந்தினால் கவலை வேண்டாம். சிலர் பில்லில் இருக்கும் சீரியல் எண்ணை ஐ.எம்.இ.ஐ.யோடு ஒப்பிட்டுப் பதறுகிறார்கள். ஐ.எம்.இ.ஐ. 15 இலக்கம், அத்தனையும் எண்கள்தான். சீரியலில் எழுத்துகளும் கலந்து வரும்.

தங்கை போனில் இரண்டுமே பொருந்தவில்லை. இந்த நிலையில் படம் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாலே புகாருக்குப் போதும். ஆனால் போன் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்பதால் கணக்கு எதுவும் சேர்க்காமல் உள்ளே போய்ப் பார்த்தோம். Settings, General, About வரிசையில் Model Number என்ற இடத்தில் எண் N எழுத்தில் தொடங்கியது. கடையில் விற்கும் புதிய போனுக்கு அது M. F என்றால் புதுப்பித்தது. N என்றால் பழுதான போனுக்கு மாற்றாக சர்வீஸில் கொடுத்தது. ஐபோன் 15 முதல் பேட்டரி பகுதியில் சார்ஜ் சுழற்சிகளின் எண்ணிக்கையும் முதல் பயன்பாட்டு மாதமும் தெரியும். இதில் சுழற்சி 60-ஐத் தாண்டியிருந்தது, முதல் பயன்பாடு ஆர்டர் போடுவதற்குப் பல மாதங்கள் முந்தையது. ஒன்றிரண்டு சுழற்சியை நான் பொருட்படுத்த மாட்டேன். இது யாரோ தினமும் பயன்படுத்திய போன்.

KYM என்று அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்த எண் எந்த மாடலுக்குரியது என்று பதில் வரும். முடக்கப்பட்ட எண் என்று வந்தால் அந்தப் போனில் சிம்மே போடாதீர்கள். ஆனால் போன் பழையதா புதியதா என்பதை இந்தப் பதில் சொல்லாது.

பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். புகாரில் 'பழுது' என்பதைத் தேர்ந்தெடுத்தால் டெக்னீஷியன் வருவார், போன் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதுவார், புகார் மூடப்படும். 'வேறு பொருள் வந்தது' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் திரும்ப எடுக்க வருபவர் ஐ.எம்.இ.ஐ.யைத் தன் ஆப்பில் சரிபார்ப்பார், பொருந்தாது. 'வேறு போன் கொடுக்கிறார்' என்று பதிந்துவிட்டுப் போய்விடுவார், பழி போனை வாங்கியவர் தலையில் விழும். அதனால் ஆள் வருவதற்கு முன்பே பில் எண், பெட்டி எண், போன் எண் மூன்றையும் வரிசையாக எழுதி, படங்களோடு மின்னஞ்சல் அனுப்பி, எண் மாறிய போனைத்தான் எடுத்துப்போக வேண்டும் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். போனில் சொன்ன வாக்குறுதிக்கு மதிப்பில்லை. பார்சலைப் பிரிப்பதிலிருந்து எண் திரையில் தெரியும்வரை வெட்டாமல் எடுத்த ஒரே வீடியோ இருந்தால் வாதாடும் வேலை பாதியாகக் குறையும்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையோடு மட்டும் மல்லாடாமல் அந்த அதிகாரிக்கே எழுதுங்கள்; அவர் பெயரைத் தளத்தில் வெளியிட வேண்டியது அவர்கள் கடமை. அசையவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போடலாம்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, கொடுக்கும் போனின் ஐ.எம்.இ.ஐ.யைக் குறிப்பிட்டு ஒப்புகை வாங்குங்கள். வெறும் 'ஒரு போன் பெற்றுக்கொண்டேன்' என்பதை ஏற்காதீர்கள்.