நேரலையா, அறிவிப்புப் பலகையா?

தேர்வு நெருங்கினால் நம்மில் பலர் நடத்தும் "நேரலைக் கேள்வி நேரம்" இப்போது ஒரே மாதிரிதான் நடக்கிறது. கூகுள் படிவத்தில் முன்கூட்டியே கேள்விகளை வாங்குகிறோம். பதில்களை எழுதி, கூகுள் வகுப்பறையில் Schedule கொடுத்து, இரவு 8 மணியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவர வைக்கிறோம். கூச்சப்படும் மாணவரும் கேட்க முடிகிறது. ஆசிரியருக்கும் நூலைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இவை உண்மையான நன்மைகள். ஆனால், "நீ எதைக் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கும் வாய்ப்பு போய்விடுகிறது.

படிவத்தில், "வலிமிகும் இடம் புரியல டீச்சர்" என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் எழுதுவீங்க? பெரும்பாலும் விதிகள் முழுவதையும் எழுதி அனுப்புவோம். அது மாணவரின் பாடநூலிலேயே இருக்கிறது. அவரையே வகுப்பில் கொஞ்சம் கிளறினால் இப்படிச் சொல்லுவார்: "'அந்தப் பையன்'ல 'ப்' வருது, 'வந்த பையன்'ல ஏன் வரல? ரெண்டும் 'த'லதானே முடியுது?"

உண்மையான கேள்வி இதுதான். இதற்குப் பதிலும் சிறியது. 'அந்த' சுட்டு, அதன்பின் வலி மிகும். 'வந்த' பெயரெச்சம், அதன்பின் மிகாது. 'வந்த' என்பதை 'வருகிற' என்று காலம் மாற்றலாம். 'அந்த'வை அப்படி மாற்ற முடியாது. இதை வைத்தே மாணவர் பிரித்தறியலாம்.

ஆகவே படிவத்தில் ஒரு பெட்டி போதாது. குழப்பிய வாக்கியம் எது, நீ எப்படி எழுதுவாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என மூன்று பெட்டிகள் வையுங்கள். மூன்றுக்கும் Required போடுங்கள்.

அடுத்த குறை, பதில்களுக்கு இடையிலான நேரம். 5 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மாணவர் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். மேலே சொன்ன பதிலைப் படித்த ஒருவர், "அப்போ 'வாராக் கடன்'ல ஏன் மிகுது?" என்று கேட்கலாம். அது 'வாராத' என்பதன் ஈறு கெட்ட வடிவம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வலி மிகும். இந்தக் கேள்வி பதிலிலிருந்து பிறந்தது. முன்கூட்டியே படிவத்தில் வந்திருக்காது. அதன் மேல் கட்டுரை பற்றிய பதிவு வந்து விழுந்தால் கேள்வி அடியில் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று பதில்கள் போதும். 20 நிமிட இடைவெளியில் ஆசிரியர் அங்கேயே இருக்க வேண்டும். மீதியை மறுநாளுக்கு வைக்கலாம்.

பயன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? பதிலுக்குக் கீழே "நன்றி டீச்சர்" மட்டும் இருந்தால், நாம் நடத்தியது அறிவிப்புப் பலகை. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரு சிறு பயிற்சி கொடுங்கள்: 'பறந்த புறா', 'எந்த புறா' – எதில் 'ப்' வேண்டும், ஏன்? காரணத்தோடு விடை வந்தால் புரிந்திருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. "புரியல" என்று மட்டும் அனுப்பாதீங்க. எந்த வாக்கியத்தில் நின்றுபோனீர்களோ, அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.