ஆண்டி குரோவின் ஒரு மணி நேரம், என் அரை மணி நேரம்

இன்டெல்லின் ஆண்டி குரோவ் எழுதிய "ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்" (1983) புத்தகத்தில் ஒன்-ஆன்-ஒன் மீட்டிங் பற்றிச் சில பக்கங்கள்தான் இருக்கு. டீம் லீட் ஆன புதுசில் அதைப் படித்துவிட்டு, எனக்குச் சௌகரியமானதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறார் குரோவ். நேரம் குறைந்தால், சட்டென்று முடிகிற சின்ன விஷயங்களை மட்டுமே ஆட்கள் கொண்டுவருவார்களாம். என் டீமில் ஆறு பேர். வாரம் ஆறு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று எல்லோருக்கும் அரை மணி வைத்தேன். ஆனால் வேலைக்குப் புதியவரை அடிக்கடியும் பழகியவரை இடைவெளி விட்டும் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கார். புதியவர்கள் இருவருக்கு வாராவாரம், மற்ற நால்வருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வாரத்துக்கு நாலு மணிதான். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

அஜெண்டாவை நமக்குக் கீழே வேலை செய்பவர்தான் எழுதணும் என்பது அவருடைய இன்னொரு விதி. இருவரும் திறக்கக்கூடிய ஒரே டாக்குமென்ட்டில் மூன்று தலைப்பு வைத்தேன்: அவருடையது, என்னுடையது, போன முறை பாக்கி. இதில் மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும்.

ஒரு தம்பியின் பக்கத்தில் "டெஸ்ட் சர்வர் அனுமதி" என்ற வரி நாலு வாரமாக என் பெயரோடு நகர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் "பாத்துடறேன்பா" என்று தலையாட்டியிருக்கேன். ஒருநாள் மேலிருந்து கீழே படித்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து அவன் பகுதியில் வெறும் டிக்கெட் நம்பர்கள்தான். இங்கே சொல்லி ஒன்றும் நடக்காது என்று முடிவு கட்டிவிட்டான். அனுமதி வாங்க எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆச்சு. அவன் மறுபடி ஒரு முழு வாக்கியம் எழுத இன்னும் மூன்று வாரம் ஆச்சு: "நைட் ஆன்-கால் பத்திப் பேசணும்".

குரோவோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் குறிப்பு எடுப்பதுதான். இருவரும் எழுதணும், எழுதினால்தான் வேலை நடக்கும் என்கிறார். பாக்கி வேலைகளுக்கு அது சரி. ஆனால் 1983-ன் காகிதக் குறிப்பு அவரவர் மேஜையிலேயே கிடந்திருக்கும். இன்றைய டாக்குமென்ட்டை ஒரு கிளிக்கில் எச்.ஆருக்கோ அடுத்து வரும் மேனேஜருக்கோ திறந்துவிடலாம். அது டீமில் எல்லோருக்கும் தெரியும்.

ஆன்-கால் வேண்டாம் என்பதற்கு அந்தத் தம்பி சொன்னது வீட்டு விஷயம். டைப் செய்யப் போன நான் லேப்டாப்பை மூடினேன். அதற்கப்புறம்தான் பாதிக் கதை வந்தது. டாக்குமென்ட்டில் ஒரே ஒரு வரி போட்டோம்: "அடுத்த இரண்டு மாதம் ஆன்-கால் லிஸ்ட்டில் மாற்றம், பொறுப்பு: நான்". அந்த வரி மட்டும் அடுத்த வாரம் பாக்கிக்குப் போகவில்லை.