இரவு இரண்டு மணிக்கு வரும் ஒற்றை வரி

“தூக்கம் வரல.” நள்ளிரவு தாண்டி இப்படி ஒரு வரி வாட்ஸ்அப்பில் வருகிறது. முன்னும் பின்னும் எதுவும் இல்லை. அதில் கேள்வி இல்லை, உதவி கேட்டதாகவும் இல்லை. இதற்கு நன்றாகப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதை ஒரு கச்சேரியைக் கேட்பதுபோல் நிதானமாக ரசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம்மில் பெரும்பாலானவர்கள் முதல் பதிலிலேயே தடுக்கி விழுகிறோம். “ஏன், என்னாச்சு?” என்று கேட்டால், எழுதியவர் அந்த நேரத்தில் காரணம் தேடி ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. காரணம் அவருக்கே தெளிவாக இருந்திருந்தால் ஒரு வரியோடு நிறுத்தியிருக்க மாட்டார். “சூடா பால் குடி”, “போனைத் தூக்கிப் போடு”, “இந்த மாத்திரையைப் போட்டுப் பாரு” என்பவை இன்னொரு வகை. உடம்பைப் பற்றி நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்கிறோம். அதோடு, பேச வந்தவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பியும் விடுகிறோம். “கவலைப்படாதே, தூக்கம் வந்துடும்” என்ற ஆறுதலும் ஒரு வாக்குறுதிதான். மூன்றரைக்கும் விழித்திருந்தால் அது பொய்த்துப் போகும்.

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தி இந்தக் கலையில் தேர்ந்தவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாமா மகன், அவருடன் நடந்த ஓர் இரவு உரையாடலை எனக்குக் காட்டினான், எழுதிக்கொள்ளவும் சம்மதித்தான்.

அவனுடைய “தூக்கம் வரல” இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது. சித்தியின் பதில்: “முழிச்சுத்தான் இருக்கேன்டா. சொல்லணும்னா சொல்லு. இல்லாட்டி சும்மா இரு.”

இந்தப் பதிலில் கேள்விக்குறியே இல்லை. தான் இருப்பதை முதலில் சொல்லிவிட்டு, பேசவும் பேசாமலிருக்கவும் சம அளவில் இடம் தருகிறார். அவன் அனுப்பிய வரி சிறியது, இவருடையதும் சிறியதே. அந்த வரிக்குப் பத்து வரி பதில் வந்தால், படிப்பதே பாரமாகிவிடும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பாததையும் கவனிக்க வேண்டும். அவன் அறையில் இன்னும் இருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக் கேட்க அவன் வராந்தாவுக்குப் போக வேண்டியிருக்கும்.

“ஒண்ணும் இல்ல அத்தை, சும்மாதான்.”

“சரி. ரூம்ல லைட் எரியுதா?”

“இல்ல. ஃபேன் சத்தம் மட்டும்.”

“இங்க மழை. கொல்லைல தகரத்து மேல விழுந்துக்கிட்டு இருக்கு.”

“நம்ம பழைய தகரமா?”

“அதேதான். மாத்தவே இல்ல.”

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். “ஒண்ணும் இல்ல” என்றதும் அவர் நம்பாமல் துருவவில்லை. நம்பி விடைபெறவும் இல்லை. யோசிக்காமல் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேட்டார். விளக்கைப் பற்றிய கேள்வி அவன் மனத்தைத் தொடுவதில்லை, அறையைத்தான் தொடுகிறது. பிறகு தன் பக்கத்திலிருந்து ஒரு செய்தி தந்தார். கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் அது விசாரணையாகிவிடும். மழையும் தகரமும் வந்ததும், அவனே முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டான்.

அதன்பின் சற்று நேரம் எதுவும் இல்லை. சித்தியும் எதையும் அனுப்பவில்லை. அந்த இடைவெளியில் “இருக்கியா?” என்று தட்டிவிட எவருக்கும் கை பரபரக்கும். பிறகு அவனிடமிருந்து வந்தது: “மேனேஜர் இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டார்.”

“எல்லார் முன்னாடியுமா.”

அவ்வளவுதான் பதில். அந்த வரியில் வலி எந்தச் சொல்லில் இருக்கிறதோ, அதையே எடுத்துத் திருப்பித் தந்தார். மேனேஜரைத் திட்டவில்லை, அவர் பக்கம் நியாயம் பார்க்கவும் இல்லை. அவன் நீளமாக எழுத ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். எழுதி முடித்து, “காலைல எப்படி அந்த ரூமுக்குள்ள போறதுன்னு தெரியல” என்றான். “கஷ்டமாத்தான் இருக்கும்டா. எட்டு மணிக்கு நான் கூப்பிடவா?” என்றார் சித்தி. “கூப்பிடுங்க” என்றான். “பதில் போட்டுக்கிட்டே இருக்கணும்னு இல்ல. இன்னும் அரை மணி இருப்பேன், அப்புறம் படுத்துருவேன்.” பிறகு அவன் எதுவும் எழுதவில்லை.

முழு உரையாடலையும் மறுபடி படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தூக்கம் என்ற சொல் அவனுடைய முதல் வரியோடு சரி. சித்தி ஓரிடத்தில்கூட “தூங்கு” என்று சொல்லவில்லை. விடியும்வரை இருப்பேன் என்று வீறாப்பாகவும் சொல்லவில்லை. தன்னால் முடிந்த அரை மணியைச் சொன்னார். காலையில் செய்யப்போவதைச் சொன்னார்.

இதை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் உண்டு. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவி தொடங்கினார். நேரில் வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்களிடம் பேசியே பலர் மனம் ஆறிப் போய்விடுவதைக் கண்டார். தன் ஆலோசனையைவிட அவர்களுடைய கேட்கும் காதுதான் வேலை செய்கிறது என்று புரிந்து, 1954-ல் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்தது இப்படித்தான். நம் சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்னேகாவும் இதே வழியில் வந்தது.

நமக்கு இன்னும் பழைய முன்மாதிரி ஒன்றும் உண்டு. குறுந்தொகையின் 6-ஆம் பாட்டில், ஊரும் உலகமும் உறங்கிவிட்ட நடுயாமத்தில் தான் ஒருத்தி மட்டும் உறங்காமல் கிடப்பதைத் தலைவி தோழியிடம் சொல்கிறாள். பாடியவர் பதுமனார். தோழி என்ன சொன்னாள் என்பது பாட்டில் இல்லை. அவள் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிகிறது.

மென்மை போதாத இடமும் ஒன்று உண்டு. “இருக்கவே பிடிக்கல”, “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்பதுபோல் ஒரு வரி வந்தால், மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்க வேண்டும். ஆமாம் என்றால் எழுதுவதை விட்டு உடனே அழைத்துப் பேச வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பச் சொல்ல வேண்டும். டெலி மானஸ் 14416 என்ற அரசு எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். அதைச் சொல்லி, அவர் பேசி முடிக்கும்வரை நாமும் உடன் இருக்க வேண்டும்.

மறுநாள் எட்டு மணிக்குச் சித்தி சொன்னபடி கூப்பிட்டார். “தூங்கினியா?” என்று கேட்கவில்லையாம். தூங்காதவனுக்கு அந்தக் கேள்வி பரீட்சை முடிவைக் கேட்பதுபோல் இருக்கும் என்பது அவர் எண்ணம். “என்ன சட்டை போட்டுக்கிட்டுப் போற?” என்றுதான் தொடங்கியிருக்கிறார். பேச்சுவாக்கில், இது கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்று அவனே சொன்னான். “அப்ப டாக்டரை ஒருதடவை பார்த்துரு. சனிக்கிழமை நான் வரேன், சேர்ந்து போவோம்” என்றார். டாக்டர் என்ற பேச்சை அவர் எடுத்தது அப்போதுதான், நல்ல வெளிச்சத்தில், அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.