இரண்டாவது டீ

கம்பெனி வண்டி போயிற்று
இரண்டாவது டீயில்
ஆடை படர்கிறது

ஆரம்பாக்கத்தில் குடியிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர் ஒருவர் எழுதிய மூன்று வரிகள் இவை. பெயர் வேண்டாம் என்றார். ஜப்பானிய முறையில், காத்திருத்தலைப் பற்றி எழுதிய காதல் கவிதை என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். அதே தாளில் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார். அலங்காரம் எதுவும் இல்லாத நேரான ஆங்கிலம். அதன் பொருள் இது: கம்பெனி வண்டி போய்விட்டது, உனக்காக நான் வாங்கிய டீயில் ஆடை படிந்துகொண்டிருக்கிறது.

‘உனக்காக’, ‘நான் வாங்கிய’ என்ற இரண்டும் தமிழில் இல்லை. தமிழ் வரிகளுக்கு அவை தேவைப்படுகின்றனவா என்பதுதான் இங்கே தீர்க்க வேண்டிய வழக்கு. தேவை என்றால், ஆங்கிலத் துணை இல்லாமல் நிற்க முடியாத கவிதையைத்தான் நண்பர் தமிழில் எழுதியிருக்கிறார். தேவையில்லை என்றால், ஆங்கிலத்தில் அவர் சேர்த்தது கவிதைக்குத் தீங்கு.

முதலில் டீயைப் பார்ப்போம். கடைக்காரர் உயர்த்தி ஆற்றி ஊற்றித் தரும்போது டீயின் மேல் நுரைதான் இருக்கும். கிளாஸை எடுத்துக் குடிப்பவருக்கு ஆடை கண்ணில் படவே வாய்ப்பில்லை. கிளாஸ் அசையாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும், நுரை அடங்க வேண்டும், மேற்பரப்பு ஆற வேண்டும். அதன் பிறகுதான் பாலின் புரதமும் கொழுப்பும் மேலே சேர்ந்து மெல்லிய படலமாகும். இதற்குச் சில நிமிடங்கள் போதும், மணிக்கணக்கு வேண்டியதில்லை. ஆகவே கவிதை அளக்கும் நேரம் மிகக் குறுகியது. வண்டி வரும் என்ற உறுதியில் டீ சொல்லியாயிற்று. வண்டி வந்தது, நின்றது, போனது. இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. ஆடை படரும் நேரம் அவ்வளவுதான். யுகயுகமாய்க் காத்திருந்தேன் என்று எழுதுவது எளிது. நம்பிக்கை நடுவில் அறுந்த சில நிமிடங்களைத் துல்லியமாக அளந்து வைப்பது கடினம். கவிதையின் பெரிய பலம் இந்த அளவில் இருக்கிறது, இதை எழுதியவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

அடுத்தது வரிசை. ஜப்பானிய ஹைக்கூவில் ஒரு வெட்டு உண்டு. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ‘யா’ போன்ற வெட்டுச்சொல்லை வைத்து ஓட்டத்தை நிறுத்துவார்கள். தமிழில் அந்த வேலையை வினைமுற்று செய்துவிடும். ‘போயிற்று’ என்றதும் வாக்கியம் முடிகிறது. அந்த நிறுத்தத்துக்கு அப்பால், தொடர்பே இல்லாததுபோல் டீ வருகிறது. இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது டீயில் ஆடை படர்கிறது என்று தொடங்கி, கம்பெனி வண்டி போயிற்று என்று முடித்தால், கடைசி வரி முதல் இரண்டு வரிகளுக்கு விடையாகிவிடும். ஏன் ஆடை படர்ந்தது? வண்டி போய்விட்டது, அதனால். விடுகதை அவிழ்ந்ததும் படிப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

1916இல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது அவரைக் கவர்ந்தது அதன் சொற்சுருக்கம். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வந்த காலத்துக்குப் பிறகு தமிழில் மூன்று வரிக் கவிதைகள் வெள்ளமாய் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் வரியில் ஒரு திருப்பத்தை ஒளித்துவைத்து எழுதியவை. சுருக்கம் வந்துசேர்ந்தது, ஆனால் அந்தச் சுருக்கம் முழுவதும் கடைசியில் கைதட்டல் வாங்கவே செலவழிந்தது. நம் நண்பரின் கவிதை அந்தப் பக்கம் போகவில்லை. நடந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டது, பிறகு நடப்பதை மட்டும் காட்டுகிறது. மூன்றாம் வரியில் புதிய செய்தி எதுவும் இல்லை, நேரம் மட்டும் நகர்கிறது. ‘போயிற்று’ இறந்தகாலம், ‘படர்கிறது’ நிகழ்காலம். காத்திருக்க இனிக் காரணமில்லை, ஆனாலும் ஆள் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்பதை இந்தக் கால மாற்றம் ஒன்றே தெரிவித்துவிடுகிறது.

பாலில் ஆடை படியும் என்பதுதான் வழக்கு. ‘படர்கிறது’ என்று அவர் மாற்றியதைக் கவனிக்காமல் போக முடியாது. திருக்குறளின் 117ஆம் அதிகாரத்துக்குப் படர்மெலிந்திரங்கல் என்று பெயர். அங்கே படர் என்றால் பிரிந்தவரையே நினைந்து வருந்துவது. இதைக் கவிதையின் கணக்கில் வரவு வைக்கலாமா? கொஞ்சம்தான் வைக்கலாம். இன்றைய காதுக்குப் படர்தல் என்றால் கொடி படர்வதுதான். ஆனால் வழக்கமான சொல்லை விட்டு இன்னொன்றை எடுத்தவர் பார்வையின் துல்லியத்துக்காக எடுக்கவில்லை. ஆடை கொடிபோல் ஓடிப் பரவுவதில்லை. நோவுக்காகத்தான் எடுத்திருக்கிறார். அந்த நோவைத் தமிழில் தேர்ந்த வாசகர் கேட்பார்.

இனி எதிர்த்தரப்பு. இந்த மூன்று வரிகளைக் காதலே இல்லாமல் படிக்க முடியுமா? முடியும். வேலைக்குப் போக வேண்டிய ஒருவர், டீக்கடையில் பேச்சுவாக்கில் நின்று தன் வண்டியைத் தானே தவறவிட்டார் என்று படித்தால் எந்தச் சொல்லும் தடுக்காது. ஆரம்பாக்கத்தில் கம்பெனி வண்டி போயிற்று என்று யாராவது சொன்னால் முதலில் தோன்றும் பொருளும் அதுவே. பாதிநாள் சம்பளம் போச்சு என்பார்கள். இந்த ஐயத்துக்குப் பயந்துதான் நண்பர் ஆங்கிலத்தில் ‘உனக்காக’ என்று எழுதியிருக்க வேண்டும். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் கவிதையிடமே பதில் இருக்கிறது. டீயில் மூழ்கி வண்டியை விட்டவர் டீயைக் குடித்திருப்பார். இங்கே இரண்டாவது கிளாஸ் ஆடை படரும் அளவுக்கு யாரும் தொடாமல் இருக்கிறது. அது இன்னொருவருக்கு வாங்கியதாக இருக்கலாம். கடையில் நின்றுகொண்டிருக்க ஒரு சாக்காகத் தனக்கே வாங்கி, பார்வை சாலையில் இருந்ததால் மறந்துபோனதாகவும் இருக்கலாம். எப்படிப் படித்தாலும் அது காத்திருப்புதான். இரண்டாவது வாசிப்புதான் எனக்கு இன்னும் கூர்மையாகப் படுகிறது. ஆங்கிலம் அந்த வாசிப்பை அடியோடு வெட்டிவிடுகிறது. ஆங்கில இலக்கணம் அவரை வற்புறுத்தவும் இல்லை. இரண்டாவது டீ என்று அந்த மொழியிலும் இயல்பாகச் சொல்லலாம். படிப்பவரை நம்பாததால் வந்த சேர்க்கை அது.

ஜப்பானிலும் காத்திருக்கும் காதலுக்கு உரிய இடம் பதினேழு அசை ஹைக்கூ அல்ல, அதற்கு முந்தைய ஐந்தடி முப்பத்தொரு அசைக் கவிதை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த ‘கொகின்ஷூ’வில் இருபது பகுதிகளில் ஐந்து, காதலுக்கு மட்டுமே ஒதுக்கியவை. இரவில் ஆண் வந்து போவான், பெண் வீட்டில் காத்திருப்பாள் என்ற அன்றைய வழக்கத்திலிருந்து பிறந்த பாடல்கள் அவற்றில் நிறைய. நம்மிடமும் பொருள் தேடிப் போவது தலைவன், இருப்பது தலைவி. ஆரம்பாக்கத்துக் கவிதையில் இது தலைகீழாகியிருக்கிறது. நெடுஞ்சாலை ஓர டீக்கடையில் நிற்பவர் பெரும்பாலும் ஆண் என்பதும், கம்பெனி வண்டிகளில் பெண்கள் திரளாகப் போய்வருகிறார்கள் என்பதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும். கூலிக்காகப் பிரிந்தவள் அவள். வரவில்லையே என்று நிற்பவன் அவன். இதற்கு அகத்திணையில் நெருங்கிய துறை அல்லகுறிப்படுதல். தலைவனின் குறி என்று வேறொரு ஓசையை நம்பி வந்து தலைவி திரும்பிவிட, பின்னால் வந்தவன் ஏமாந்து நிற்பான். இங்கே வண்டியின் வருகைதான் குறி. அது பொய்த்தது. மூன்று வரியும் நமக்குப் புதிதில்லை; ஐங்குறுநூற்றின் சிற்றெல்லையே மூன்றடி. ஜப்பானிய முறை என்று சொல்லி எழுதியவர், தெரியாமலே சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டின் அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் கவிதையின் மெய்யான குறை தெரிகிறது. ஹைக்கூவுக்குப் பருவச்சொல் வேண்டும். அகப்பாட்டுக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. பருவத்தை விட்டுவிடலாம், ஆலை வாழ்க்கைக்கு ஐப்பசியும் ஆனியும் பெரும்பாலும் ஒன்றுதான். சிறுபொழுதை விட முடியாது. ஷிஃப்ட் மாறுவது காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. மதிய வெயிலில் வராதவள் ஓவர்டைம் பார்க்கிறாள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இரவு பத்து மணி வண்டியில் வராதவளைப் பற்றி அப்படி எளிதாகத் தேற்றிக்கொள்ள முடியாது. அங்கே காதலோடு அச்சமும் சேர்கிறது. காலை ஆறு என்றால் ஒரு முழு இரவு வேலையின் களைப்பு அந்த டீக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றும் மூன்று வேறு கவிதைகள். எது என்று தமிழும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைச் சேர்க்க முன்வந்தவர், அங்கேயும் பொழுதைச் சேர்க்கவில்லை. வெளிப்படையாக இருந்த காதலை விளக்கிவிட்டு, மறைந்திருந்த நேரத்தை மறைந்தபடியே விட்டுவிட்டார்.

முதல் வரியை ‘பத்து மணி வண்டி போயிற்று’ என்று மாற்றிப் பார்த்தேன். பொழுது வந்துவிட்டது, ஆனால் ‘கம்பெனி’ போய்விட்டது. ரயில் நிலையம் உள்ள ஊரில் பத்து மணி வண்டி என்றால் சூளூர்ப்பேட்டைப் பக்கம் போகும் ரயிலென்றுகூட நினைக்கலாம். அவள் வேலைக்குப் போனவள் என்பதும் அழிந்துவிடும். ‘இரவு ஷிஃப்ட் வண்டி’ என்றால் இரவு வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டியா, முடித்தவர்களை இறக்கும் வண்டியா என்று இன்னொரு குழப்பம். ‘பத்து மணிக் கம்பெனி வண்டி’ என்று இரண்டையும் வைத்தால் வரி கனக்கிறது, நிறுத்தத்துக்கு முன் மூச்சு நீள்கிறது. ஆனாலும் பொருள் முழுமையாகிறது. நான் இதையே தேர்வேன். மூன்று வரிகளில் முதல் வரி மட்டும் நீண்டிருப்பது ஹைக்கூவின் உருவ அழகுக்கு ஒரு குறைதான். பொழுது தெரியாமல் நிற்கும் காத்திருப்பு அதைவிடப் பெரிய குறை.

ஆகவே தமிழ் வரிகள் சொந்தக் காலில் நிற்கும் கவிதை, பொழுது மட்டும் சேர வேண்டும். ஆங்கிலத்தை இந்த வடிவில் அச்சிடக் கூடாது. அச்சிட்டே ஆக வேண்டும் என்றால் ‘உனக்காக நான் வாங்கிய’ என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘இரண்டாவது’ என்பதற்கான சொல்லை வைத்தால் போதும். நண்பரிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். முதலாவதற்கு யோசிக்கிறேன் என்றார். இரண்டாவதற்கு அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.