பின்னட்டையில் ஐந்தாறு வரி

கவிதைத் தொகுப்பின் பின்னட்டையில் ஆசிரியர் குறிப்புக்கு ஐந்தாறு வரிதான் இடம். நண்பரின் வரைவு, 'சிறு வயது முதலே இலக்கியத்தில் தீராத ஆர்வம் கொண்டவர்' என்று தொடங்குகிறது. 'நல்லா இருக்கு' என்ற பதில் அவருக்கு உதவாது. நாமே மாற்றி எழுதினால் அவர் குரல் போய்விடும். அந்த வரியை அடிக்கோடிட்டு, 'இது எல்லாக் கவிஞருக்கும் பொருந்துமே, பகலில் என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்பதில்தான் நயம். 'தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கெழுதுகிறார்' என்ற வரி அப்படித்தான் கிடைக்கும்.

நம்மைப் பற்றி நாம் எழுதிய ஆசிரியர் குறிப்பை யாராவது குறை சொன்னால் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். அந்த விளக்கத்தை எழுதிப் பாருங்கள்; பல நேரம் குறிப்பில் விடுபட்ட வரி அதுவே. இருவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே பழுது உண்டு. அதை எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும் நம் முடிவு.