இரு பேரேடுகள், ஒரு சரக்கு

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வாங்கும் வியாபாரி ஒருவர், கோவையில் மசாலா ஆலைகளுக்கும் மொத்தக் கடைகளுக்கும் விற்கும் வியாபாரி ஒருவர். ஒருவருக்கு ஏலத்தில் கை; மற்றவருக்கு விற்பனையில் கை. இருவரும் சேர்ந்து ஒரே ஒரு லாட்டை வாங்கி விற்று லாபத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்காகப் புதுப் பெயர்ப் பலகை வைப்பதில்லை, பொது வங்கிக் கணக்கும் தொடங்குவதில்லை. அவரவர் கணக்கை அவரவர் பேரேட்டிலேயே எழுதுகிறார்கள். கொங்கு வட்டாரத்தின் சரக்கு வணிகத்துக்கு மிகவும் பொருந்தும் முறை இது. அதன் வசதி எங்கே இருக்கிறதோ, குறையும் அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் முறை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஈரோட்டுக்காரர் 200 குவிண்டால் விரலி மஞ்சளை, குவிண்டால் 12,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 24 லட்சம். கூலி, சாக்கு, பாலிஷ், குடோன் வாடகை என்று மேலும் 60,000. ஆக அவர் கையிலிருந்து போனது 24,60,000. பாலிஷில் 5 குவிண்டால் சேதாரம் போக, 50 குவிண்டாலை அவரே உள்ளூரில் 13,400க்கு விற்று 6,70,000 வாங்குகிறார். மீதி 145 குவிண்டால் கோவைக்குப் போகிறது. கோவைக்காரர் அதை 14,000க்கு விற்று 20,30,000 வாங்குகிறார். லாரி வாடகை, தரகு என்று அவருக்கு 40,000 செலவு.

ஈரோட்டுப் பேரேட்டில் ‘கோவைக்காரருடன் கூட்டு’ என்ற தலைப்பில் ஒரு கணக்கு இருக்கும். கோவைப் பேரேட்டில் ‘ஈரோட்டுக்காரருடன் கூட்டு’ என்று இன்னொன்று இருக்கும். ஒவ்வொருவரும் தான் செய்த செலவையும் தான் வாங்கிய பணத்தையும் மட்டும் அதில் எழுதுவார்கள். லாபம் என்ன என்பது எந்த ஒரு பேரேட்டிலும் தெரியாது. அதற்காக இரண்டையும் தனித்தாள் ஒன்றில் சேர்த்து எழுதுகிறார்கள். மொத்த வரவு 27 லட்சம், மொத்தச் செலவு 25 லட்சம், லாபம் 2 லட்சம், ஆளுக்கு 1 லட்சம். அந்தத் தாள் யாருடைய பேரேட்டிலும் சேராது. அதிலிருந்து தன் பங்கு லாபத்தை மட்டும் ஒவ்வொருவரும் தன் கணக்கில் ஏற்றுவார்கள். ஈரோட்டுக்காரர் செலவிட்டதும் பங்கும் சேர்ந்து 25,60,000. வாங்கியது போக அவருக்கு வரவேண்டியது 18,90,000. கோவைக்காரர் வாங்கியதில் செலவும் பங்கும் போக, அவர் கொடுக்கவேண்டியதும் அதே 18,90,000. அந்த ஒரு தொகை கைமாறினால் கணக்கு முடிந்தது.

இதன் சிறப்பை ஒப்புக்கொள்ளவேண்டும். இருவருடைய மற்ற வியாபாரத்தையும் இந்தக் கூட்டு தொடுவதில்லை. வாடிக்கையாளர் யார், வேறு எங்கே கடன் இருக்கிறது என்பதெல்லாம் பங்காளிக்குத் தெரியவேண்டியதில்லை. சரக்கு தீர்ந்ததும் கூட்டும் தீர்கிறது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும் ஒரே ஒரு காரியத்துக்கான கூட்டை ஏற்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தக் காரியம் முடிந்ததும் கூட்டு கலைந்ததாகக் கொள்கிறது.

இனி குறைகள். இரண்டு பேரேடுகளிலும் ஒரே 18,90,000 வந்ததைப் பார்த்து, கணக்கு நேராக இருக்கிறது என்று இருவரும் கையெழுத்துப் போடுவது வழக்கம். ஆனால் அந்தப் பொருத்தம் அதை நிரூபிப்பதில்லை. கோவைக்காரர் உண்மையில் 14,200க்கு விற்று, 14,000 என்று சொல்லியிருந்தால் 29,000 ரூபாய் மறைந்துபோகும். அப்போதும் தாளில் லாபம் 2 லட்சம்தான், இரு பக்கத்துப் பாக்கியும் ஒன்றுதான். லாபமே இருவர் சொன்ன தொகைகளைக் கூட்டிக் கழித்து வந்தது என்பதால், சொன்னது எதுவானாலும் பாக்கிகள் ஒத்துத்தான் தீரும். கூட்டல் பிழையை அது காட்டும். மறைத்த தொகையைக் காட்டாது.

மஞ்சளில் இந்த ஆபத்து இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் ஏலம் நடக்கிறது. அன்றைய விலை மறுநாள் நாளிதழில் வந்துவிடும். ஏலச் சீட்டும் எடைச் சீட்டும் இருக்கின்றன. ஆகவே வாங்கிய விலையைச் சரிபார்க்கலாம். ஆலைக்கு விற்ற விலையோ இரண்டு பேருக்குள் பேசி முடித்தது. அதனால் விற்பவர் ஒவ்வொரு விற்பனை பில்லின் நகலையும் பணம் வந்த வங்கிப் பதிவையும் தரவேண்டும் என்பதை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளவேண்டும். அது அவநம்பிக்கை ஆகாது. வாங்குபவர் ஏலச் சீட்டைக் காட்டுவதற்கு ஈடு அது.

அடுத்த குறை, இந்தத் தாளில் நாட்கள் இல்லை என்பது. நம் உதாரணத்தில் ஈரோட்டுக்காரரின் 24,60,000 மூன்று மாதம் முடங்கிக் கிடந்து, எல்லா விற்பனையும் கடைசியில் நடந்தது என்று கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 73,800. அவர் தன் பங்காக வாங்கிய 1 லட்சத்தில் வட்டி போக லாபம் என்று நிற்பது 26,200 மட்டுமே. வட்டியைச் செலவாக வைத்துப் பிரித்திருந்தால் ஆளுக்கு 63,100 வந்திருக்கும். வட்டியும் சேர்ந்து அவருக்கு 1,36,900 கிடைத்திருக்கும். எனவே பாதிப் பாதி என்று பேசுவதற்கு முன், யார் பணம் எத்தனை நாள் என்பதைப் பேசவேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி எழுதினால்தான் அந்தப் பேச்சைக் கணக்கில் கொண்டுவர முடியும்.

மூன்றாவது குறைதான் கூட்டுகளை முறிப்பது: கணக்கு முடிக்கும் நாளில் சரக்கோ பாக்கியோ மீதி நிற்பது. ஆலை தரவேண்டிய 3 லட்சம் வரவில்லை என்றால், அது கோவைப் பேரேட்டில் கோவைக்காரரின் பாக்கியாகத்தான் நிற்கும். நஷ்டம் கூட்டுக்கா, கடன் கொடுத்தவருக்கா? பேரேடு பதில் சொல்லாது. கடன் விற்பனைக்குத் தனிக் கமிஷன் வாங்கியவர் அதன் நஷ்டத்தையும் தாங்கவேண்டும். வாங்காதவர் என்றால் இருவரும் தாங்கவேண்டும். இந்த இரண்டில் ஒன்றை முன்பே முடிவு செய்யவேண்டும். மீதிச் சரக்கை ஒருவர் எடுத்துக்கொண்டால் எந்த நாளின் ஏல விலைக்கு என்பதும் அப்படியே. 2010இல் குவிண்டால் 16,000ஐத் தாண்டிய மஞ்சள், இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அப்படிப்பட்ட சரக்கில் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற வார்த்தைக்கு லட்சக்கணக்கில் விலை உண்டு.

தகராறு நீதிமன்றம் போனால் இன்னொன்றும் தெரியவரும். பேரேடு தனித்தனி என்பதால் பொறுப்பும் தனித்தனி ஆகிவிடாது. லாபத்தையும் பிரித்து, ஒருவருக்காக ஒருவர் செயல்பட்டதாகவும் நடத்தை காட்டினால், அதைக் கூட்டாண்மை என்றே நீதிமன்றம் கொள்ளலாம். அப்போது கூட்டுக்காக ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு என்றால் வெளியார் மீது வழக்குப் போடுவதும் தடைபடும். கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கும் உரிமை மிஞ்சும். அதற்கும் கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.

ஆகவே, ஒரு லாட், ஒரு பருவம், விற்று முடியும் ஒரு நாள் என்று எல்லை இருக்கும்வரை இதைவிட இலகுவான முறை இல்லை. முந்தின லாட்டின் மீதியை அடுத்த லாட்டில் சேர்த்து எழுதத் தொடங்கும்போதே அது இந்த முறையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. காரியம் முடிவதே இல்லை என்றால் லாபமும் என்றைக்கும் ஒரு மதிப்பீடாகவே நிற்கும். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் பழைய லாட்டை முழுவதும் முடித்து, ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து, பொதுவான ஒரே பேரேட்டுக்கு வந்துவிடுவதுதான் இருவருக்கும் நல்லது.