கண்மாய் எந்தக் கட்டத்தில் அடங்குகிறது? – குளத்தூர் வட்டத்து நிலக் கணக்கின் மரபுகள்

ஒரு மாவட்டத்தின் நிலம் விவசாயத்துக்கு எவ்வளவு, காட்டுக்கு எவ்வளவு, வீடு வாசலுக்கு எவ்வளவு, நீருக்கு எவ்வளவு என்று நான்கே கட்டங்களில் காட்டும் அட்டவணையை இப்போது எல்லா இடத்திலும் பார்க்கிறோம். கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டத்துக்கும் அப்படி ஓர் அட்டவணை போட்டுவிடலாம். ஆனால் அந்த நான்கு எண்களும் ஒரே கணக்கிலிருந்து வருவதில்லை. நிலத்தை வகைப்படுத்துவதில் நம்மிடம் மூன்று மரபுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிலத்திடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. கண்மாயும் ஊருணியும் நிறைந்த நம் பகுதியில் இந்த வேறுபாடு எல்லாவற்றையும் விட அதிகமாகத் தெரிவது நீர் என்ற கட்டத்தில்தான். அதனால் இக்கட்டுரை நீரைப் பிடித்துக்கொண்டே போகிறது.

மூன்றில் மூத்தது வருவாய்க் கணக்கு. அது கேட்பது, இந்த நிலம் தீர்வை கட்டுமா என்பது. ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கைப் பாருங்கள். முதலில் ஊரின் மொத்தப் பரப்பு வரும். பிறகு ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவை கழிக்கப்படும். மிஞ்சுவது இறை செலுத்தும் நிலம். கழிக்கப்பட்ட பகுதியில் குளமும் குடியிருப்பும் ஒன்றாகவே நின்றன. இரண்டும் வரி தராதவை என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு ஒற்றுமை இல்லை.

அந்தக் கழித்தல்தான் பின்னாளில் நம் கிராமப் பதிவேட்டில் புறம்போக்கு ஆயிற்று. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று ஒரு வகைப்பாடு உண்டு. புறம்போக்கிலும் கண்மாய், வாய்க்கால், பாதை, மேய்க்கால், நத்தம் என்று எதற்கானது என்பது தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். விவரம் அங்கே தொலைந்து போகவில்லை. மேலே போகும்போதுதான் தொலைகிறது.

அது தொலைந்த இடத்தைத் தெளிவாகவே சொல்லலாம்; அதுதான் இரண்டாவது மரபு, ஒன்பது வகைக் கணக்கு. மத்திய உணவு, வேளாண்மை அமைச்சகம் 1948இல் வேளாண் புள்ளிவிவரங்களை ஒருங்கிணைக்க ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானதும் அதே 1948 மார்ச்சில்தான். அதற்கு முன் நாட்டில் ஐந்து வகைப் பிரிவு இருந்தது. குழு அதை ஒன்பதாக விரித்தது: காடுகள், வேளாண்மை அல்லாத பயன்பாட்டு நிலம், பயிரிடத் தகுதியற்ற பாழ்நிலம், நிரந்தர மேய்ச்சல் நிலம், பலவகை மரப்பயிர்களும் தோப்புகளும், பயிரிடத் தகுந்த தரிசு, பிற தரிசு, நடப்புத் தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு. அதன்பின் இன்றுவரை நாடு முழுவதும் இந்த ஒன்பதுதான். தமிழ்நாட்டில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வெளியிடும் பருவ, பயிர் அறிக்கையும் இதன்படியே பசலி ஆண்டுக்கு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரைக்கு, கணக்குத் தருகிறது.

விவசாயப் பக்கத்தை நுணுக்கமாகப் பிரித்தவர்கள் அந்தக் குழுவினர். தரிசை மட்டும் காலத்தை வைத்து மூன்றாக்கினார்கள். இந்த ஆண்டு மட்டும் போடாமல் விட்டது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுவரை கிடப்பது பிற தரிசு. அதற்கும் மேல் தொடர்ந்து கிடந்தால் பயிரிடத் தகுந்த தரிசு. ஆனால் வேளாண்மை அல்லாத பயன்பாடு என்ற ஒரே கட்டத்தில் வீடு, சாலை, ரயில் பாதை, ஆறு, வாய்க்கால், கண்மாய் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள். உணவுப் பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. இன்னும் எவ்வளவு நிலத்தில் பயிர் ஏற்றலாம் என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கும். கேள்விக்குத் தக்க பதில்தான். ஆனாலும் அந்தக் கட்டம் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகப் பிரிக்கப்படாமல் இருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

இதனால் நம் பகுதிக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரு மாதிரிக் கிராமத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கிராமத்தின் அமைப்பு நம்முடையது. மொத்தப் பரப்பு 1,000 ஹெக்டேர். நிகர சாகுபடி 320, நடப்புத் தரிசு 90, பிற தரிசு 110, பயிரிடத் தகுந்த தரிசு 30, மேய்ச்சல் நிலம் 20, மரத்தோப்பு 40, பாழ்நிலம் 30, காடு 80. மீதி 280 ஹெக்டேர் வேளாண்மை அல்லாத பயன்பாடு. வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர், நான்கில் ஒரு பங்குக்கு மேல் கட்டடமும் சாலையுமாகிவிட்டது என்றே எண்ணுவார். இப்போது 'அ' பதிவேட்டைத் திறந்து அந்த 280ஐப் பிரிப்போம். கண்மாயும் குளமும் 170, வரத்துவாரியும் ஓடையும் 35, சாலையும் ரயில் பாதையும் 25, நத்தமும் பிற கட்டடங்களும் 50. ஆக நீர் 205, கட்டடமும் பாதையும் சேர்ந்து 75. கிராமத்தின் குணமே மாறிவிடுகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கட்டத்தை நகரமயத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்பவர், நீரைத்தான் நகரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

விவசாயம் என்ற கட்டமும் ஒரே எண் அல்ல. இந்த ஆண்டு விதைத்தது என்றால் 320. நடப்புத் தரிசையும் சேர்த்தால் 410. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு ஐந்தாண்டுக்கு உட்பட்ட தற்காலிகத் தரிசையும் நிரந்தர மேய்ச்சல் நிலத்தையும் விவசாய நிலத்தில் சேர்க்கும். அந்தக் கணக்கில் 540. மூன்றும் சரிதான். எது என்று சொல்லாமல் அச்சிடுவதுதான் பிழை. அதே அமைப்பு நிலப்பரப்பு என்று சொல்லும்போது உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்துவிடும். நம் கணக்கில் கண்மாயும் மொத்தத்துக்குள் இருக்கிறது. எனவே இரண்டு கணக்கிலும் விழுக்காட்டின் அடித்தளமே வேறு.

மூன்றாவது மரபு செயற்கைக்கோளின் கணக்கு. அது தீர்வையையும் சட்டத்தையும் கேட்பதில்லை. மேலிருந்து பார்த்தால் தரையை எது மூடியிருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 2004-05 முதல் நாடு முழுவதற்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாரித்து வருகிறது. கட்டடம், விவசாயம், காடு, பாழ், நீர் என்று இங்கே நீருக்குத் தனி இடம் உண்டு. ஒன்பது வகைக் கணக்கு கொடுக்காததை இது கொடுக்கிறது.

ஆனால் எந்த மாதத்து நீர் என்று கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து கலிங்கி வழியும் டிசம்பரில் எடுத்த படத்தில் கண்மாய் முழுக்க நீர். மே மாதப் படத்தில் அதே நீர்ப்பிடி வறண்ட தரை; சீமைக் கருவேலம் அடர்ந்திருந்தால் மரப்போர்வை. அளவும் ஒரு தடை. ஆண்டுதோறும் வரையப்படும் பரந்த வரைபடத்துக்குப் பயன்பட்ட உணரியின் ஒரு புள்ளி தரையில் 56 மீட்டருக்கு 56 மீட்டர். கணக்கிட்டால் ஏறத்தாழ 77 சென்ட். அரை ஏக்கர் ஊருணி அதற்குள் கரைந்துபோகும். ஐரோப்பாவின் கொரைன் நிலப்போர்வைக் கணக்கில் இது இன்னும் பெரிது. 25 ஹெக்டேருக்குக் குறைந்த எதுவும் தனியாகக் காட்டப்படாது. அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் நம் சிறு குளங்கள் பலவும் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும்.

காட்டிலும் இரு மரபுகள் மோதுகின்றன. ஒன்பது வகைக் கணக்கில் காடு என்பது சட்டப்படி காடாகப் பதிவானது அல்லது காடாக நிர்வகிக்கப்படுவது. மரம் நின்றாலும் நிற்காவிட்டாலும் சரி. இந்திய வன அளவை நிறுவனம் காட்டுப்போர்வை என்று சொல்வது ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட, மரநிழல் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள எந்த இடத்தையும்; யாருடைய நிலம் என்பது பொருட்டல்ல. தமிழ்நாட்டுக்கு முதல் கணக்கு சுமார் 21.5 லட்சம் ஹெக்டேர். 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி இரண்டாவது 26,419 சதுர கிலோமீட்டர், அதாவது 26.4 லட்சம் ஹெக்டேர். ஐந்து லட்சம் ஹெக்டேர் காடு வளர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. நம் மாவட்டத்துத் தைலமரக் காட்டை வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். வனத்துறை நிலத்தில் தைலமரத்தை வெட்டிய மறுநாளும் கிராமக் கணக்கில் அது காடுதான், படத்தில் வெட்டவெளி. பட்டா நிலத்தில் அடர்ந்து நிற்கும் தைலமரம் படத்தில் காட்டுப்போர்வை. கிராமக் கணக்கில் ஒருநாளும் காடு அல்ல.

கிராமக் கணக்கின் பலவீனம் வேறு வகையானது. அடங்கல் எழுத வேண்டியவர் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அவருக்கு வேறு வேலைகள் ஏராளம். கீழ்மட்டப் பணியாளரின் பணிச்சுமையால் பரப்புக் கணக்கின் தரம் குறைவதை 2001இல் சி.ரங்கராஜன் தலைமையிலான தேசியப் புள்ளியியல் ஆணையம் விரிவாகவே எடுத்துக்காட்டியது. இதை அட்டவணையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். சாகுபடி ஆண்டுக்கு ஆண்டு மழையோடு ஏறி இறங்கும். நடப்புத் தரிசு எதிர்ப்புறம் அசையும். இந்த இரண்டும் மட்டும் மாறி, மேய்ச்சல் நிலமும் பாழ்நிலமும் பயிரிடத் தகுந்த தரிசும் பல ஆண்டுகள் கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே நின்றால், அந்தக் கட்டங்கள் பார்த்து எழுதப்படவில்லை, போன ஆண்டுக் கணக்கிலிருந்து இறக்கப்பட்டவை என்று கொள்ளலாம். ஐந்தாண்டு கிடந்த பிற தரிசு விதிப்படி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தாக வேண்டும். நகராத கணக்கு விதியைப் பின்பற்றாத கணக்கு.

திருச்சி-புதுக்கோட்டைச் சாலையோரம் மனைகளாகக் கல் நட்ட புஞ்சையைத் தேடவும் இதே வழிதான். வீடு எழும்பும்வரை அது பெரும்பாலும் தரிசாகவே எழுதப்படும். மறுபுறம், ஆக்கிரமித்துக் கட்டப்பட்ட கண்மாய் உள்வாய், வகைப்பாடு மாற்றப்படாதவரை பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்காகவே இருக்கும். முன்னதில் கட்டடம் குறைத்தும் பின்னதில் நீர் கூட்டியும் காட்டப்படுகின்றன. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஊன்றி நிற்பது அந்தப் பழைய வகைப்பாட்டின் மீதுதான் என்பதால், அது மாறாமல் இருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். உரிமைக்கு அந்தக் கணக்கு வேண்டும். இன்றைய நிலைக்குப் படம் வேண்டும். இரண்டையும் ஒரே சர்வே எண்ணில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆக்கிரமிப்பு எத்தனை ஏர் என்பது கழித்தல் கணக்காகிவிடும்.

பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுபவர்கள் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாகும்வரை நம் எண்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. இன்று தனி வட்டங்களாக நிற்கும் இலுப்பூர், விராலிமலைப் பகுதிகள் முன்பு குளத்தூர் வட்டத்துக்குள் இருந்தவை. வட்டம் சுருங்கியதைக் கவனிக்காதவருக்குச் சாகுபடி சரிந்தது போலத் தோன்றும். மொத்தப் பரப்பிலேயே வேறுபாடு உண்டு. தமிழ்நாடு நில அளவையின்படி 130.06 லட்சம் ஹெக்டேர். கிராமக் கணக்குகளைக் கூட்டினால் 130.33 லட்சம். இருபத்தேழாயிரம் ஹெக்டேர் இடைவெளி அது.

இப்போது வயலில் நின்று கைபேசியில் பயிரைப் பதியும் மின்னணுக் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் வேளாண் கல்லூரி மாணவர்களே அதற்காக ஊர்களில் இறங்கினார்கள். அது சாகுபடிக் கட்டத்தைச் சீராக்கும். கண்மாய்க்குள் அது போவதில்லை. நம் வட்டத்தின் நீர்க் கட்டத்தை நிரப்ப இன்றைக்கும் கையில் உள்ள நேரான வழி, ஒவ்வொரு வருவாய்க் கிராமத்தின் 'அ' பதிவேட்டிலும் கண்மாய், குளம், ஊருணி, வாரி, ஓடை என்று வரும் சர்வே எண்களின் பரப்பைத் தனியே கூட்டி, வேளாண்மை அல்லாத பயன்பாட்டிலிருந்து கழிப்பது. கூட்டிய தொகைக்குப் பக்கத்தில் டிசம்பர்ப் படத்தின் நீர்ப்பரப்பையும் மே மாதப் படத்தின் நீர்ப்பரப்பையும் எழுதிக்கொண்டால், பதிவில் எவ்வளவு, நிரம்பியது எவ்வளவு, கோடையில் நின்றது எவ்வளவு என்று மூன்று எண்கள் கிடைக்கும்.